ஏழாவது கேள்விக்கு இரண்டு மதிப்பெண்

விடைத்தாளின் நகல் தபாலில் வந்திருந்தது. பணம் கட்டி விண்ணப்பித்தால் தேர்வுத்துறை அனுப்பிவைக்கும். முதியோர் பராமரிப்பு இல்லத்தின் சலவை அறையில், மடித்து வைத்த படுக்கை விரிப்புகளின் மேல் உட்கார்ந்துகொண்டு அவள் உறையைக் கிழித்தாள். நூற்றுக்கு நாற்பத்தொன்று. ஐம்பது எடுத்தால்தான் பராமரிப்பு உதவியாளர் சான்றிதழ். இரண்டாவது முறையாகக் கோட்டை விட்டாயிற்று. மூன்று தடவைக்கு மேல் எழுத விடமாட்டார்கள்.

அந்தச் சான்றிதழ் இல்லாதவர்கள் இல்லத்தில் இருப்பவர்களைத் தொடக்கூடாது. அழுக்குத் துணியை எடுக்கலாம், துவைக்கலாம், மடிக்கலாம். ஒன்பது வருடம் அப்பாவைத் தூக்கி, துடைத்து, ஊட்டி வளர்த்த கைகள் அவளுடையவை. வளர்த்த என்றுதான் அவள் மனதுக்குள் சொல்லிக்கொள்வாள். அப்பா போய்விட்ட பிறகு அந்தக் கைகளை என்ன செய்வதென்று தெரியாமல்தான் இங்கே வேலைக்கே வந்தாள். கண்காணிப்பாளர் அம்மாவும் சொல்லிவிட்டார், அடுத்த முறையும் இல்லையென்றால் உதவியாளர் இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாக.

கதவைத் தட்டாமல் தந்தி உள்ளே வந்தார். இல்லத்தின் வேன் ஓட்டுநர். ஐம்பதைத் தாண்டியவர். கண் பார்வை மங்கிக்கொண்டு வருவதால் வண்டியை விட்டு இறங்கி உதவியாளர் ஆகிவிடப் பார்க்கிறார். அவரும் அதே தேர்வை எழுதி அதே மாதிரி விழுந்தவர். வார்த்தைக்குக் காசு கேட்பது மாதிரிப் பேசுவதால் அவருக்கு அந்தப் பெயர்.

"வந்துச்சா?"

"வந்துச்சுண்ணே. நாப்பத்தொண்ணு."

"முப்பத்தெட்டு," என்றார் தன் நெஞ்சைத் தொட்டு. பிறகு தன்னுடைய நகலை நீட்டினார். "மாத்திக்கலாம். நீ என்னுதைப் பாரு."

அவருடைய தாளை அவள் புரட்டினாள். இரண்டு மதிப்பெண் கேள்விகளில் ஒன்றும் குறையில்லை, நறுக்கென்று இருந்தது. ஐந்து மதிப்பெண்ணுக்கும் அதே நறுக்கு. பத்து மதிப்பெண்ணுக்கும் அதே நறுக்குதான். 'பக்கவாதம் வந்தவருக்கு உணவு ஊட்டும்போது கவனிக்க வேண்டியவற்றை விளக்குக' என்ற கேள்விக்கு, 'உட்கார வைத்து, மெதுவாக ஊட்ட வேண்டும். விழுங்கிவிட்டாரா என்று பார்க்க வேண்டும்' என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்திருந்தார். பக்கத்தில் சிவப்பு மையில் ஒன்றரை.

"அண்ணே, பத்து மார்க்குக் கேள்விண்ணே இது."

"சரியாத்தானே எழுதியிருக்கேன்."

"சரிதான். ஆனா பத்து மார்க்குன்னா பத்து விஷயம் வேணும்னு அர்த்தம். இதுல மூணுதான் இருக்கு. எந்தச் சாய்வுல உட்கார வைக்கணும், கரண்டில எவ்வளவு எடுக்கணும், எந்தப் பக்கம் ஊட்டணும், வாய்க்குள்ள மிச்சம் தங்கியிருக்கா, தண்ணியைக் கொஞ்சம் கெட்டியாக்கணுமா, முடிச்சதும் அரை மணி நேரம் சாய்க்காம வைக்கணும்…"

"போதும். புரிஞ்சுது." அவர் அவளுடைய தாளைத் தூக்கிக் காட்டினார். "இப்ப உன்னுது. ஏழாவது கேள்வி."

அவளுக்கு அந்தக் கேள்வி மனப்பாடம். 'படுக்கையிலேயே இருப்பவரை எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும்? ஏன்? (2)'. அதற்கு அவள் நான்கரைப் பக்கம் எழுதியிருந்தாள். முதல் மூன்று வரிகளில் இரண்டு சிவப்பு டிக். அதற்குக் கீழே, நான்கரைப் பக்கத்துக்கும், மேலிருந்து கீழே ஒரே சிவப்புக் கோடு. திருத்தியவர் படிக்கவே இல்லை. கடைசிப் பக்கத்தில் மூன்று பத்து மதிப்பெண் கேள்விகளின் எண்கள் மட்டும் இருந்தன, எதிரே 'எழுதவில்லை' என்று.

"ரெண்டு மார்க்குக்கு ஒரு மணி நேரம்," என்றார் தந்தி. "முப்பது மார்க்கு போச்சு. தொடர்கதையா எழுதறே?"

"தெரிஞ்சதை எழுதினேண்ணே."

"கேட்டதை எழுதணும்மா."

துணி உலர்த்தும் இயந்திரம் சுற்றி முடித்துக் கூவியது. அவள் எழுந்து போய்ச் சூடான விரிப்புகளை வாரி எடுத்தாள்.

அந்த நான்கரைப் பக்கத்தை அவரும் படித்திருக்கவில்லை; அதில் என்ன இருந்தது என்று அவரிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. ஒரு மத்தியானம் அவள் தூங்கிப்போனாள். அப்பாவை வலப்பக்கமாகத் திருப்பிவிட்டு, பத்து நிமிடம் என்று சுவரில் சாய்ந்தவள், கண் விழித்தபோது ஐந்து மணி நேரம் ஆகியிருந்தது. அப்பாவுக்குப் பேச்சு போய் வெகுகாலம். அழுத்திப் பார்த்தாலும் மறையாத சிவப்பு இடுப்பெலும்பின் மேல். நான்காம் நாள் தோல் உரிந்தது. அந்தப் புண் ஆறவே இல்லை. நான்கு மாதத்தில் அப்பா போனார். நுரையீரலில் சளி கட்டிவிட்டது என்றார் மருத்துவர், புண்ணைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெளிநாட்டில் இருக்கும் தம்பி ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் கூப்பிடுவான், எல்லாம் ஓகேவாக்கா என்பான், ஓகே என்பாள். 'ஏன்?' என்று அவளைக் கேட்டது உலகத்திலேயே அந்த வினாத்தாள் ஒன்றுதான். கேட்டவருக்கு முழுதாகச் சொல்ல வேண்டாமா? இரண்டு தடவையும் அந்தக் கேள்வி வந்தது, இரண்டு தடவையும் அவள் சொன்னாள்.

மறுநாளிலிருந்து மதிய இடைவேளையில் இருவரும் பயிற்சியில் இறங்கினார்கள். கணக்கு அவள் போட்டது. நூறு மதிப்பெண், நூற்றெண்பது நிமிடம். படிக்கவும் சரிபார்க்கவும் முப்பதை எடுத்துவிட்டால் ஒரு மதிப்பெண்ணுக்கு ஒன்றரை நிமிடம். இரண்டுக்கு மூன்று நிமிடம், மூன்று வரி. ஐந்துக்கு ஏழரை நிமிடம், ஐந்து குறிப்பு, ஒரு பக்கத்துக்குக் கொஞ்சம் குறைய. பத்துக்குக் கால் மணி, இரண்டு பக்கம், நடுநடுவே சின்னத் தலைப்புகள். தந்தி தன் பழைய கைக்கடிகாரத்தைக் கழற்றி இஸ்திரிப் பலகையின் மேல் வைப்பார். மூன்று நிமிடம் ஆனதும் அவள் பேனாவைப் பிடுங்குவார். அவர் பேனாவை மூடப்போனால் அவள் மூடியைப் பிடுங்குவாள்.

"முடிஞ்சுதும்மா எனக்கு."

"முடியலைண்ணே. இன்னும் பதினொரு நிமிஷம் இருக்கு. எழுதுங்க."

"என்னத்தை எழுத?"

"வேன்ல சக்கர நாற்காலியை ஏத்தி இறக்கறதை எப்படிப் பண்ணுவீங்க? அதை நினைச்சுப் பாருங்க. ஒவ்வொண்ணா எழுதுங்க."

"இவ்வளவு பேசினா என் பொண்டாட்டி பயந்துடுவா," என்று முணுமுணுத்துக்கொண்டே எழுதினார்.

அவளுக்குத்தான் கஷ்டமாக இருந்தது. மூன்று வரி எழுதிக் கையை எடுப்பது, கொதிக்கிற பாத்திரத்தின் மேல் மூடியை அழுத்திப் பிடிப்பது போல இருந்தது. ஒரு நாள் பேனா பிடுங்கப்பட்ட பிறகும் அவள் விரல் காகிதத்தில் நகர்ந்துகொண்டே இருந்தது. தந்தி அதைப் பார்த்தார். கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

தேர்வு நாளன்று, நீளமான கூடத்தில் அவளுக்கு ஜன்னலோர இடம். வினாத்தாளைத் திருப்பியதும் கண் நேராக ஏழாவது கேள்விக்குத்தான் போனது. வேறு ஏதோ இருக்கும் என்று நினைத்திருந்தாள். அதே கேள்வி. இம்முறை வார்த்தை மட்டும் சற்று மாறியிருந்தது. பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் அதே இரண்டு.

ஆறு கேள்விகளை முடித்துவிட்டு அதற்கு வந்தாள். 'இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. ஒரே இடத்தில் உடலின் எடை தொடர்ந்து அழுத்தினால் அங்கே இரத்த ஓட்டம் தடைப்பட்டுத் தோல் புண்ணாகும். அதைத் தடுக்க' என்று எழுதினாள். மூன்று வரி. இரண்டு குறிப்பு. பேனா அடுத்த வரியின் தொடக்கத்துக்குத் தானாகவே போய் நின்றது. யாரும் வந்து பிடுங்கவில்லை. அவளே எட்டு என்று எண்ணைப் போட்டாள்.

பின்வரிசையில் ஒரு நாற்காலி நகர்ந்தது. "கூடுதல் தாள் வேணும்," என்றது தந்தியின் குரல். அவள் திரும்பிப் பார்க்கவில்லை, சிரிப்பை மட்டும் கீழுதட்டில் கடித்துக்கொண்டாள்.

கடைசிப் பத்து மதிப்பெண் கேள்வியை முடித்தபோது இருபத்திரண்டு நிமிடம் மிச்சம். ஒவ்வொரு கேள்வியாகச் சரிபார்த்தாள். ஏழாவதன் கீழே நான்கு விரற்கடை வெற்றிடம் விட்டிருந்தாள், வேண்டுமென்றே விட்டாளோ என்னவோ. பின்னால் ஐந்து பக்கங்களும் காலி. இப்போது எழுதினால் எதுவும் குறையாது. நேரம் இருக்கிறது, தாள் இருக்கிறது, கேட்டிருக்கிறார்கள். பேனாவைத் திறந்தாள். மேலிருந்து கீழே வந்த அந்தச் சிவப்புக் கோடு ஞாபகம் வந்தது. அதை இழுக்க இரண்டு விநாடிகூட ஆகியிருக்காது. இன்னொரு தடவை அப்பாவை அந்தக் கோட்டுக்குக் கீழே படுக்க வைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

மேற்பார்வையாளர் வந்து நின்றார். "முடிச்சாச்சுன்னா காலிப் பக்கத்துக்கெல்லாம் குறுக்குக் கோடு போட்டுடுங்கம்மா."

ஐந்து பக்கங்களுக்கும் அவளே கோடு போட்டாள்.

இரண்டு மாதம் கழித்து முடிவு வந்தது. அவளுக்கு எழுபத்து நான்கு, தந்திக்கு ஐம்பத்திரண்டு. அவர் சலவை அறைக்கு வந்து, "ரெண்டு பேரும்," என்று மட்டும் சொல்லிவிட்டு, பிறகு நினைத்துக்கொண்டவர் போல, "உன்னாலதாம்மா. பதினஞ்சு நிமிஷமும் உன்னைத் திட்டிக்கிட்டே எழுதினேன்," என்றார். அவருக்கு அது நீளமான பேச்சு. அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய், கதவைத் திறந்து, யாரிடம் சொல்வதென்று கொஞ்ச நேரம் செருப்பைக் கழற்றாமல் நின்றாள். தம்பி ஞாயிற்றுக்கிழமைதான் கூப்பிடுவான். அன்று செவ்வாய்.

அவளிடம் முதலில் ஒப்படைக்கப்பட்டவர் ஒரு தையல்காரர். பக்கவாதத்தில் இடப்பக்கம் முழுதும் விழுந்துவிட்டது, பேச்சு மட்டும் மிஞ்சியிருந்தது. பத்து மணிக்கு அவரை வலப்பக்கமாகத் திருப்பி, முதுகுக்கும் முழங்கால்களுக்கு நடுவிலும் தலையணை வைத்து, குதிகால் படுக்கையில் படாமல் தூக்கி வைத்தாள்.

"வலிக்கவே இல்ல," என்றார் அவர். "எங்கம்மா கத்துக்கிட்டே?"

"வீட்லங்கய்யா. எங்க அப்பாகிட்ட."

கேட்டதற்கு அது போதுமானதாக இருந்தது. குறிப்பேட்டை எடுத்து நேரத்தை எழுதினாள். ஆனால் தையல்காரர் கண்ணை மூடவில்லை.

"அவருக்கு என்ன?"

அவள் குறிப்பேட்டை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள். அடுத்துத் திருப்ப வேண்டியது பன்னிரண்டு மணிக்கு. எங்கிருந்து தொடங்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை, ஆகவே அந்த மத்தியானத்திலிருந்தே தொடங்கினாள். சுவரில் சாய்ந்ததைச் சொன்னாள். பத்து நிமிடம் என்று நினைத்ததைச் சொன்னாள். அதற்குள் தையல்காரரின் மூச்சு சீராகிவிட்டது, வாய் லேசாகத் திறந்துகொண்டது.

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். ஐந்து மணி நேரம் ஆகியிருந்தது என்றாள். பிறகு மற்றதையும் சொன்னாள்.