டிரம் வாங்குகிறவர் தேடும் சொல்

"ஏனுங்க அம்மணி, தேடற பொட்டிக்குள்ள ஒரு ஆளு தட்டற வார்த்தைய, அவன் பொண்டாட்டி முன்னால வாயத் தொறந்து சொல்லுவானுங்களா?"

சிங்காநல்லூர் பஸ் நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் நெட் சென்டர் வைத்திருந்த இல்யாஸ் ஒரு நாள் அன்புக்கரசியிடம் இப்படிக் கேட்டான். கேட்டுவிட்டு அவனே சிரித்துக்கொண்டான். அன்புக்கரசி தலையைக் குனிந்துகொண்டாள். அவள் யார் எதைக் கேட்டாலும் முதலில் தரையைப் பார்ப்பவள். பதில் அவளுக்குள் முழுதாக இருக்கும். வெளியே வரும்போது பாதியாகிவிடும்.

கன்னியாஸ்திரிகள் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு பாதியில் நின்றவள் அவள். பள்ளி நின்றாலும் இங்கிலீஷ் நின்றுவிடவில்லை. அதனால்தான் ராமுலுவின் கெமிக்கல் கடையில் அவளுக்கு டைப் அடிக்கிற வேலை கிடைத்தது. அதே கடையின் குடோனில் அவளுடைய அக்கா பொற்கொடி மூட்டைகளைப் பிரித்துச் சிறு பாக்கெட்டுகளாகக் கட்டிக்கொண்டிருந்தாள்.

மில்லுக்கும் சாயப்பட்டறைக்கும் போட்டோ ஸ்டுடியோவுக்கும் வேண்டிய சரக்கு ராமுலு கடையில் கிடைக்கும். ஊரே கம்ப்யூட்டர் என்று பேசிய தொண்ணூற்றொன்பதில் அவரும் இல்யாஸைப் பிடித்துக் கடைக்கு ஒரு இணையதளம் போட்டிருந்தார். அதில் சரக்குப் பட்டியலும், மாலை போட்டுக்கொண்ட அவருடைய படமும் இருந்தன. வருஷம் ஓடியது, என்கொயரி ஒன்றுகூட வரவில்லை.

"உங்க மூஞ்சியப் பாக்கறதுக்கு எவனுங்க வருவான்?" என்றான் இல்யாஸ். "வாங்கறவன் என்ன கேள்வியோட தேடறானோ, அதுக்குப் பதில் எழுதிப் போடோணும். வெளிநாட்டுல தேதி போட்டு, புதுச மேல வெச்சு எழுதறாங்க. வெப்லாக்குன்னு பேரு. இப்ப அதையும் சுருக்கி பிளாக்குங்கறாங்க. ஆனா எழுதறதுக்கு முன்னால, என்ன வார்த்தை போட்டுத் தேடறாங்கன்னு கண்டுபுடிக்கோணுமுங்க."

அந்த வேலை அன்புக்கரசியிடம் வந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் நெட் சென்டருக்குப் போவாள். மோடம் கிர்ரென்று கத்தி இணைப்புக் கிடைத்ததும் இல்யாஸ் சொல்லிக்கொடுத்தபடி செய்வாள். முதலில் கடைச் சரக்கின் பெயர்கள். சாயம் எடுக்கிற பொடியைக் கடையில் ஹைட்ராஸ் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். உலகத்தில் வேறு யாரும் அப்படித் தேடுவதில்லை. மற்றவர்கள் முழு ரசாயனப் பெயரைப் போட்டார்கள், அதையும் இங்கிலாந்துக்காரன் ஒரு மாதிரியும் அமெரிக்காக்காரன் ஒரு மாதிரியும் எழுதினான். பிறகு அமெரிக்கத் தேடுதளம் ஒன்றில் அந்தப் பெயரைக் கொடுப்பாள். அந்தச் சொல் வருகிற தேடல்கள் போன மாதம் அங்கே எத்தனை முறை நடந்தன என்று அது அடுக்கிக் காட்டும். அந்த ஒரு தளத்தின் கணக்குதான் அது. ஒன்றுக்கொன்று ஒப்பிட்டுப் பார்க்க அது போதும். கடைசியாக ஒவ்வொரு சொல்லையும் தானே தேடிப் பார்ப்பாள். முதல் பக்கம் முழுக்கப் பெரிய கம்பெனிகளே உட்கார்ந்திருந்தால் அதை விட்டுவிட வேண்டும். யாரும் சரியாகப் பதில் எழுதாத கேள்வியாக இருந்தால் அது தங்கம்.

அந்த வேலை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. வாய் பேசாமல் ஊர் மனுஷரின் வாயைக் கேட்கிற வேலை. பருத்தித் துணி வெளுக்கப் பெராக்சைடு எவ்வளவு போடுவது என்று எங்கோ ஒரு பட்டறைக்காரர் தேடியிருந்தார். சாயத் தண்ணீரின் நிறத்தை எப்படி எடுப்பது என்று இன்னொருவர். அவர்களெல்லாம் எதிரே நின்று கேட்பதுபோல் இருந்தது.

ஹைட்ரோகுவினோன் என்ற பெயரை அவள் தட்டிய நாள்வரை அப்படித்தான் இருந்தது.

கறுப்பு வெள்ளைப் படம் கழுவுகிற மருந்தில் சேருகிற சரக்கு அது. கலர் லேப் வந்த பிறகு ஸ்டுடியோக்காரர்கள் அதை வாங்குவதை விட்டுவிட்டார்கள். குடோனில் டிரம் டிரம்மாக நின்றது. படம் கழுவுவதைப் பற்றி நாலு தேடல் இருக்கும் என்று நினைத்தாள். அவை அடியில் கிடந்தன. மேலே ஆயிரக்கணக்கில் நின்றவை வேறு. தோல் வெள்ளையாக. கறுப்புத் தோலைச் சீக்கிரம் வெளுக்க. கல்யாணத்துக்கு முன் முகம் வெள்ளையாக. குழந்தையை வெள்ளையாக்க.

கடைசி வரியை அவள் இரண்டு முறை படித்தாள். நாற்காலியைத் திரையிலிருந்து பின்னால் தள்ளிக்கொண்டாள். யாரோ ஒரு தாய், குழந்தையை மடியில் போட்டுக்கொண்டே இதைத் தட்டியிருப்பாள்.

பொற்கொடியின் கன்னத்து எலும்பின் மேல் இரண்டு பக்கமும் நீலமும் கறுப்புமாகத் திட்டு இருக்கும். கேட்டவர்களிடமெல்லாம் அம்மா காளியாத்தாள் மங்கு என்று சொல்லிவைத்திருந்தாள். மங்கு இல்லை. மாப்பிள்ளை வீட்டார் நிறம் குறைச்சல் என்றதும், லேபிள் இல்லாத டப்பாவில் ஒரு க்ரீமை அம்மாவே வாங்கிவந்து வருஷக்கணக்கில் தடவினாள். முதலில் வெளுத்தது. பிறகு வெயில் பட்ட இடமெல்லாம் கருகியது. அந்த மாப்பிள்ளையும் போனான், அடுத்து வந்தவர்களும் போனார்கள். ஆஸ்பத்திரி டாக்டர் க்ரீமில் இருந்த மருந்தின் பெயரைச் சொன்னபோது உடன் இருந்தது அன்புக்கரசிதான். பொற்கொடி அந்தப் பெயரைக் காதில் வாங்கவில்லை. குடோனில் தன் பக்கத்திலேயே அது டிரம்மில் நிற்கிறது என்று அவளுக்குத் தெரியாது. தெரியவே கூடாது என்று அன்புக்கரசி இத்தனை நாள் பார்த்துக்கொண்டாள்.

பட்டியலை அச்செடுத்துக்கொண்டு கடைக்குப் போனாள். அந்தச் சொற்களைத் தானே நீக்கிவிட்டிருக்கலாம். ஆனால் எதையும் விடாமல் எண்ணிக்கைப்படி எழுதி வா என்று இல்யாஸ் பழக்கிவிட்டிருந்தான். ராமுலு கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மேலிருந்து கீழே படித்தார்.

"அடேங்கப்பா! நம்ம டிரம்மு மேல துருப்புடிச்சுக் கெடக்கு, ஊரு உலகமே அதத்தான் தேடுதாட்டம் இருக்குது! இதப் பத்தி மொதல்ல எழுதிப்போடு கண்ணு."

இது அருவருப்புங்க, இந்த வேலை நமக்கு வேண்டாமுங்க. அவ்வளவுதான் அவள் சொல்ல வேண்டியது. அது நெஞ்சில் முழுதாக இருந்தது. வாய்க்கு வந்தது வேறு.

"எண்ணிக்கை பெருசுதானுங்க. ஆனா அதுல என்கொயரி வராதுங்க."

"ஏன் வராது?"

"இவங்கெல்லாம் ஒரு டப்பா க்ரீம் தேடறவங்க. நம்ம டிரம்ம யாருங்க வாங்குவாங்க? வந்து பாத்துட்டுப் போயிருவாங்க. நமக்குச் சும்மா கூட்டந்தான்."

வியாபாரக் காரணம் சொன்னால் வியாபாரி கேட்பார் என்று அவள் நம்பினாள். சொன்னது சரியும்கூட. ராமுலு பட்டியலை மடித்து வைத்தார்.

"செரி. அப்ப டிரம்மு வாங்கறவன் என்ன போட்டுத் தேடுவான்?"

கணக்கு டீச்சர் கேள்வி கேட்டதுபோல் அவள் நிமிர்ந்தாள். விடை தெரிந்திருந்தது. "பவுடர்னு போடுவாங்க. இருவத்தஞ்சு கிலோ, மொத்த வெலை, சப்ளையர், இந்தியான்னு சேத்துப் போடுவாங்க. எண்ணிக்கை கம்மியாத்தான் இருக்கும். ஆனா அப்படித் தேடறவங்கதானுங்க வாங்கறவங்க."

"அவங்க ஆரு கண்ணு?"

"க்ரீம் பண்றவங்க" என்று சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது.

ராமுலு மேசையைத் தட்டிச் சிரித்தார். "படிச்ச புள்ளைங்கறது செரியாப் போச்சு பாரு! இல்யாஸு பெரிய கூட்டத்தக் காட்டறான், நீ அதுல பணம் வெச்சிருக்கறவனக் காட்டற! காஸ்மெட்டிக் கிரேடு பவுடரு, மொத்தமாக் கெடைக்கும்னு எழுதிப்போடு."

"டிரம்முல டெக்னிக்கல் கிரேடுன்னு போட்டிருக்குதுங்க. மூஞ்சிக்கு ஆகாதுங்க."

"லேபிளுதான கண்ணு? நம்ம கடையில கோந்துக்கா பஞ்சம்?"

அவள் வேலையை விடவில்லை. இரண்டு பேர் சம்பளமும் நின்றால் வீடு என்னாகும் என்று அன்று முழுக்க யோசித்தாள். யோசித்ததிலேயே அவளுக்குத் தன் மேல் நாற்றம் அடிப்பதுபோல் இருந்தது. எழுதினாள். மோசமாக எழுதலாம் என்று நினைத்தும் பார்த்தாள். கை பழகியபடிதான் எழுதியது. அந்தச் சொற்கள் தலைப்பில் வந்தன, முதல் பத்தியில் வந்தன. கேட்கிறவர் கேட்பதற்கெல்லாம் வரிசையாகப் பதில் வந்தது. கீழே என்கொயரிப் படிவம்.

இல்யாஸ் அதைத் தளத்தில் ஏற்றுவதற்கு முன் படித்துப் பார்த்தான். "நல்லாத்தான் எழுதியிருக்கீங்க" என்றான். ஆனால் அவளைப் பார்க்கவில்லை. "எங்க ஊட்டுலயும் ஒருத்தி தடவறா. கடையில போய் ஒளிச்சுத்தான் வாங்கறா." ஏற்றினான்.

தேடுதளங்கள் பக்கத்தைச் சேர்த்துக்கொள்ளச் சில வாரம் ஆயிற்று. அந்த வாரங்களில் அவள், அது யார் கண்ணிலும் படாமல் போகட்டும் என்று தினமும் வேண்டிக்கொண்டாள். பட்டது. அவள் சொன்ன சொற்களிலேயே பட்டது. முதல் என்கொயரி வந்த அன்று ராமுலு கடைக்கே பால்கோவா வாங்கிக் கொடுத்தார். அனுப்பியவர் ஊர்பேர் தெரியாத ஒரு க்ரீம் கம்பெனிக்காரர். சாம்பிள் வேண்டும், லேபிளில் இன்ன பெயர் வேண்டும், வாடிக்கையாளருக்கு ஒரே வாரத்தில் வெளுப்புத் தெரியவேண்டும், தோல் உரிந்தாலும் பரவாயில்லை என்று எழுதியிருந்தார். அன்புக்கரசி பால்கோவாவை வாயில் வைத்துவிட்டு வாசல் சாக்கடையில் துப்பினாள்.

"இதுக்கு நீயே பதில் அடிச்சுப்போடு கண்ணு" என்ற ராமுலு, குடோன் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "ஏ பொற்கொடி! அந்த மூலை டிரம்மெல்லாம் தொடச்சு, புது லேபிள ஒட்டு!"

பொற்கொடி மூக்கைச் சுற்றிய துண்டை இறக்கிக்கொண்டு வந்தாள். கையில், ராமுலு முன்பே அச்சடித்து வைத்திருந்த லேபிள் கட்டு. அதில் ஒரு பெண்ணின் வெள்ளை முகம் அச்சடித்திருந்தது.

"ஏன் அன்பு, போட்டா மருந்து டிரம்முல பொம்பள மூஞ்சிய ஒட்டச் சொல்றாரு? இது எதுக்கு?"

அன்புக்கரசி எதையாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். இதுவரை கேட்டதற்கெல்லாம் பாதிப் பதில் சொல்லி நின்றது போதும் என்று தோன்றியது. தரையைப் பார்க்காமல் அக்காவின் கன்னத்தைப் பார்த்தே சொன்னாள்.

"மூஞ்சி வெளுக்கறதுக்கு. டாக்டர் உனக்குச் சொன்ன மருந்து இதுதான். அம்மா தடவினதுல இருந்தது. இப்ப இங்கிருந்து போவுது. எப்படித் தேடினா இது கெடைக்கும்னு கண்டுபுடிச்சு எழுதினது நான்தான்."

"என்ன கண்ணு, வெளையாட்டா?" என்றார் ராமுலு.

பொற்கொடி லேபிள் கட்டை எடுத்த இடத்திலேயே வைத்தாள். குழாயடிக்குப் போனாள். சோப்பைப் போட்டு முழங்கைவரை கழுவினாள். மறுபடி சோப்புப் போட்டுக் கழுவினாள். ஆணியில் மாட்டியிருந்த சாப்பாட்டுப் பையை எடுத்தாள். தங்கையின் நாற்காலியை ஒட்டித்தான் வாசலுக்கு வழி. துணி அவள் மேல் படாதபடி சேலையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, வெயிலில் இறங்கிப் போனாள்.