காணாமல் போன ஏழு புள்ளிகள்

முதல் சிரிப்பு மூன்றாவது வரிசையிலிருந்து கிளம்பியது. அடக்கப் பார்த்து, முடியாமல், மூக்கு வழியாக வெளியேறிய சிரிப்பு. அதற்கு அடுத்த நொடியே அரங்கம் மொத்தமும் தொற்றிக்கொண்டது.

வசனக்காரி திடுக்கிட்டுத் திரையைப் பார்த்தாள். சிரிக்கிற இடமா இது?

காலை ஒன்பதரை மணிக்குச் சோதனைக் காட்சி. அழைத்து வந்து உட்கார வைத்தவர்கள் முப்பது பேர். வேற்று மொழிப் படம், திரையின் அடியில் தமிழ் வரிகள். ஐம்பத்திரண்டு வயது விதவை ஒருத்தி, வயல் வேலையை விட்டுவிட்டுக் கல்லூரி வாசலில் வந்து நிற்கிற கதை. மின்சாரம் போன இருட்டு நடைபாதையில், கல்லூரி முதல்வரின் முகத்துக்கு நேரே அவள் சொல்லும் ஒற்றை வரிதான் படத்தின் உயிர். அதைத் தமிழில் எழுதியவள் வசனக்காரி. எழுதிவிட்டுத் தானே கண்ணைத் துடைத்துக்கொண்டவளும் அவள்தான்.

அவள் எழுதியது: 'இந்த வயதிலும் எனக்குக் கல்வி வேண்டும்.'

திரையில் நின்றது: 'இநத வயதிலும எனககுக கலவி வேணடும.'

ஒரு புள்ளி இல்லை. பெயருக்குக்கூட ஒன்று இல்லை. மற்ற சொற்களைக் கண் தானாகவே திருத்திப் படித்துக்கொண்டது. அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் திருத்தமே தேவைப்படவில்லை. புள்ளி போன பிறகும் அது சுத்தமான தமிழ்ச் சொல்லாகவே நின்றது. அர்த்தம்தான் ஊர் சிரிக்கிற அர்த்தம்.

பக்கத்து இருக்கையில் நாத்தனார் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"நீயுமாடி?"

"சத்தியமா அழறேன் அண்ணி" என்றாள் நாத்தனார், தோள் குலுங்க.

விளக்கு எரிந்தது. விநியோகஸ்தர் எழுந்தார். ஆள் பெருத்தவர், குரல் மெல்லியது. கோபம் ஏற ஏறக் குரல் இன்னும் மெல்லியதாகும் என்பதுதான் அவரிடம் உள்ள பயங்கரம்.

"சாயங்காலம் ஆறரைக்கு முதல் காட்சி. முன்னூத்து நாப்பது பேர். முக்கால்வாசி நம்ம குடும்பங்க. 'முதல் தடவையா தமிழ்ல வரி போடறோம்'னு போஸ்டர்ல அடிச்சிருக்கேன். அவங்க முன்னாடி அந்த அம்மா இதையா கேக்கணும்?"

"சார், நான் எழுதினது சரியாத்தான்..."

"நீங்க எழுதினது யாருக்கும்மா தெரியும்? திரையில வந்ததுதான் தெரியும்." மூச்சு வாங்கினார். "நான் அப்பவே சொன்னேன். நம்ம எழுத்துல சுழி, கொம்பு, புள்ளின்னு ஆயிரம் சங்கதி. இதெல்லாம் புத்தகத்துக்கு அழகு. திரைக்கு ஒத்துவராது. பேசாம ஆங்கில வரியவே ஓட்டிடலாம்."

சிரித்தவர்கள் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. இந்தப் பேச்சுதான் சுருக்கென்று தைத்தது.

"தப்பு எழுத்து மேல இல்ல சார். என் மேலதான். நாலு மணிக்கு மறுபடி போட்டுக் காட்டறேன். அப்பவும் ஒரு புள்ளி குறைஞ்சா, நானே என் கையால தமிழ எடுத்துடறேன்."

"நாலு மணி" என்றார் அவர். குரல் காதில் விழவே இல்லை. உதட்டைப் பார்த்துத்தான் புரிந்தது.

*

இரண்டு தெரு தள்ளி, சலவைக் கடைக்கு மேல்மாடியில் அவர்களுடைய வேலையறை. ஒரு மேஜை, இரண்டு கணினி, சுவரில் ஒரு பெரிய திரை. வரிகளை எழுதுவது அண்ணி. அவற்றைப் படத்தோடு கோத்து, தியேட்டருக்குப் போகும் பொட்டலமாகக் கட்டுவது நாத்தனார். தியேட்டர் இயந்திரத்துக்குத் தமிழ் எழுத்துகளை ஒட்டவைத்து வரையத் தெரியாது. எழுத்தாகக் கொடுத்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று பிய்த்துப் போட்டுவிடும். அதனால் ஒவ்வொரு வரியையும் இங்கேயே படமாக வரைந்து அனுப்புவார்கள். மொத்தம் ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு படங்கள்.

"அப்ப தப்பு தியேட்டர்ல இல்ல. நாம அனுப்பின படத்துலயே புள்ளி இல்ல" என்றாள் வசனக்காரி. "ஆனா போன வாரம் நான் பாத்தப்ப இருந்துச்சே!"

"எதைப் பாத்தீங்க?"

"முதல் பத்து நிமிஷம். வயக்காட்டு சீன்."

"வெயில்ல?"

வசனக்காரி ஓடிப்போய்க் கணினி முன் உட்கார்ந்தாள்.

வயல் காட்சியை நிறுத்தினாள். புள்ளிகள் இருந்தன. இருட்டு நடைபாதையை நிறுத்தினாள். இல்லை. மறுபடி வயல். இப்போது எட்டு மடங்கு பெரிதாக்கினாள்.

"ஐயோ!"

எழுத்துகள் வெள்ளை. அவற்றின் தலைமேல் இருந்தவையோ கறுப்பு. அவள் புள்ளி என்று நினைத்துக்கொண்டிருந்தது புள்ளியே அல்ல, எழுத்தைச் சுற்றிப் போடும் கறுப்பு ஓரம், வெறும் அவுட்லைன். வெயிலில் கறுப்புப் பொட்டாகத் தெரிந்தது, இருட்டில் இருட்டோடு கலந்துவிட்டது. வெள்ளைப் புள்ளி தொடக்கத்திலிருந்தே எந்த வரியிலும் இல்லை.

"யாரு தின்னது?" என்றாள் நாத்தனார்.

வசனக்காரி ஃபான்ட்டைத் தனியாக எடுத்துப் பார்த்தாள். அவளே தேடித் தேடிப் பிடித்த ஃபான்ட். கல்யாணப் பத்திரிகை மாதிரி நெளிந்து குழைந்து அப்படி ஒரு அழகு. அதில் புள்ளி நிரப்பிய பொட்டு அல்ல, மெல்லிய வளையம். வளையத்தின் கனம் ஐந்து பிக்சல். அவுட்லைன் கனம் ஆறு. அந்த அவுட்லைன் எழுத்தின் ஓரத்தில் நடு மையமாக உட்கார்ந்திருந்தது: மூன்று வெளியே, மூன்று உள்ளே. வளையத்துக்கு வெளி ஓரமும் உண்டு, உள் ஓரமும் உண்டு. இரண்டு பக்கமும் மும்மூன்று தின்றால் ஐந்தில் மிச்சம் என்ன இருக்கும்? தடித்த எழுத்துகள் கொஞ்சம் இளைத்ததோடு தப்பின. புள்ளி பூராவும் போய்ச் சேர்ந்தது.

"அண்ணி, மணி பதினொண்ணு" என்றாள் நாத்தனார். "நான் ஒண்ணு சொல்றேன், திட்டாதீங்க. 'கல்வி'ய எடுத்துட்டு 'படிப்பு'ன்னு போட்டுடுவோம். புள்ளி போனாலும் 'படிபபு'. யாரும் சிரிக்க மாட்டாங்க. ஒரே ஒரு வரி. அஞ்சு நிமிஷ வேலை."

உண்மையில் அது நல்ல யோசனை. விநியோகஸ்தருக்கும் போதும். இருட்டுக் காட்சிகளே படத்தில் மூன்றுதான்.

வசனக்காரி அந்த வரியைத் திரையில் மறுபடி வரவழைத்தாள்.

"அந்தம்மா கல்விதான் கேக்கறா. கெஞ்சல, உரிமையா கேக்கறா. புள்ளி வைக்கத் தெரியாத என் குறைக்கு அவ வார்த்தைய மாத்துவேனா? மொத்தத்தையும் மறுபடி வரையப் போறோம்."

"ஆயிரத்து நூத்திப் பன்னெண்டு!"

"அதுக்கென்ன, மெஷின்தானே வரையப் போகுது? உனக்கு ஏன் மூச்சு வாங்குது?"

*

முதல் வேலையாக ஒரு சோதனை வரியைத் தட்டினாள்: 'ஞாயிறு கண்ணொளி, மௌனக் கூழாங்கல், நெஞ்சே தூங்கு.' அர்த்தம் கேட்டால் அடிக்க வருவாள். சுழி, கொம்பு, கால், சிறகு, புள்ளி என எது சிக்கலோ அதெல்லாம் அதில் இருந்தது. அந்த வரியைக் கறுப்பு, வெள்ளை, சாம்பல் மூன்று பின்னணியிலும் வைத்தாள். வெயிலை மட்டும் நம்பிய புத்தி இனி வேண்டாம்.

முதலில் அந்தப் பழைய ஃபான்ட் அழகியையே காப்பாற்றப் பார்த்தாள். அவுட்லைனை 'நடு' என்பதிலிருந்து 'வெளியே' என்று மாற்றினாள். புள்ளி திரும்பி வந்தது. ஆனால் வளையத்தின் ஓட்டைக்குள் கறுப்பு அப்பிக்கொண்டு, மை கொட்டிய மாதிரி இருந்தது.

"மொட்டைமாடிப் படிக்குப் போ. கடைசிப் படியில உக்காந்து படி."

"என்ன அண்ணி, பரீட்சையா?"

"பால்கனியில உக்காந்திருக்கறவங்க உன்னை மாதிரி மானிட்டர்ல மூக்க ஒட்டிக்கிட்டா பாப்பாங்க? போ."

படியிலிருந்து குரல் வந்தது. "கண்ணொளியில ரெண்டு ணவுக்கும் சுழி அடைச்சிருக்கு! புள்ளியா கொசுவான்னு தெரியல!"

அழகிக்கு விடைகொடுத்தாள். நெஞ்சு லேசாக வலிக்கத்தான் செய்தது.

இரண்டாவது ஃபான்ட் தடிமன். அதன் சுழிகள் அதைவிட இறுக்கம். படியிலிருந்து "அடைப்பு" என்ற ஒரே சொல் வந்தது. மூன்றாவதில் எல்லாம் சரி, 'மௌ'வைத் தவிர. 'ள' மாதிரி இருக்கிற அதன் சிறகு மட்டும் இல்லாமல், அந்த இடத்தில் வெறும் கட்டம் நின்றது.

நான்காவது ஒரு சாதாரண ஃபான்ட். நெளிவு இல்லை, குழைவு இல்லை. கோடு எங்கும் ஒரே கனம். சுழிகளுக்குள் காற்றோட்டம். புள்ளி நிரப்பிய முழுப் பொட்டு, எழுத்தின் தலையிலிருந்து ஓர் இம்மி விலகி நின்றது.

"தண்ணி வராதுன்னு ஒட்டற நோட்டீஸ் மாதிரி இருக்கு அண்ணி!"

"படிக்க முடியுதா?"

"முடியுதே, அதான் கோவம்!"

அவுட்லைனை மூன்றாகக் குறைத்து வெளிப்பக்கம் வைத்தாள். அடியில் மங்கலாக ஒரு நிழல். உடனே அடுத்த வில்லங்கம்: ஒவ்வொரு எழுத்தின் கறுப்பு ஓரமும் முந்தைய எழுத்தின் வெள்ளைமேல் ஏறி, கடித்த மாதிரி பள்ளம் பறித்தது. 'ஞ்'சின் வயிற்றில் 'சே'யின் கொம்பு குத்தி நின்றது. எழுத்துக்கு எழுத்து இடைவெளி கூட்டினால் தீருமே என்று நாத்தனார் கை நீட்டினாள். வசனக்காரி அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"இடைவெளி விட்டா கொம்பு தனியா, சே தனியா நிக்கும். குடும்பத்தப் பிரிச்ச பாவம் நமக்கெதுக்கு? கறுப்பு எல்லாத்தையும் மொத்தமா முதல்ல வரை. வெள்ளை எல்லாம் அதுக்கு மேல."

கறுப்பு அடியில் போனது. வெள்ளை மேலே வந்தது. பள்ளமெல்லாம் ஒரே தட்டில் மறைந்தன.

வெள்ளைப் பின்னணியில் படித்தாள் நாத்தனார். சாம்பலில் படித்தாள். கறுப்பில் படித்தாள். மூன்று தடவையும் தடுக்கவில்லை. பிறகு படியிலிருந்து இறங்கி வந்து, எல்லா வரிகளையும் வரையச் சொல்லும் பொத்தானைத் தட்டினாள்.

*

மூன்றே முக்காலுக்குப் பொட்டலம் தியேட்டர் இயந்திரத்தில் ஏறியது. நான்கு மணிக்கு அதே முப்பது பேர். மூன்றாவது வரிசைக்காரர் இந்தத் தடவை சிரிக்கத் தயாராகவே உட்கார்ந்திருந்தார்.

இருட்டு நடைபாதை வந்தது. விதவை நிமிர்ந்தாள்.

'இந்த வயதிலும் எனக்குக் கல்வி வேண்டும்.'

வசனக்காரி வரியைப் படிக்கவில்லை. எண்ணினாள். ந். ம். க். க். ல். ண். ம். ஏழு. ஏழும் இருட்டில் பளிச்சென்று, ஆளுக்கொரு தலைமேல், சொன்ன இடத்தில் நின்றன. அவள் முதுகு தன்னால் நிமிர்ந்தது, திரையில் நின்றவளைப் போலவே.

யாரும் சிரிக்கவில்லை. மூன்றாவது வரிசையில் ஒருவர் கைக்குட்டையைத் தேடினார்.

விளக்கு எரிந்ததும் விநியோகஸ்தர் அவர்களிடம் வந்தார். கண்கள் சிவந்திருந்தன. அவசரமாகத் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சரி, அப்படி என்னம்மா மாத்துனீங்க? எழுத்தயே பாக்கணும்னு வந்து உக்காந்தேன். கதையில போயிட்டேன். எழுத்து கண்ணுலயே படல."

"அதைத்தான் சார் மாத்துனோம்" என்றாள் வசனக்காரி.

"எங்க அண்ணி ஒரு புள்ளியக்கூட விட்டுக்குடுக்க மாட்டாங்க சார்" என்றாள் நாத்தனார். "வீட்டுச் சண்டையிலயும் அப்படித்தான்."

அவர் சிரித்துவிட்டு வாசலை நோக்கி நடந்தார். பாதியில் திரும்பினார். இப்போது குரல் அரங்கம் முழுக்கக் கேட்கும்படி கணீரென்று வந்தது.

"ஆபரேட்டர்! ஆறரை ஷோ, தமிழ்!"