கீழே பார்த்த கிரகணம்

எங்க வூட்டுக்காரர் பிரபாகர் சித்தேரி மலைக்குப் பஸ் ஓட்டுறவர். அத்தனை கொண்டை ஊசி வளைவுலயும் கண்ணை நம்பித்தான் பொழப்பு. நான் தேவிப்பிரியா, தருமபுரியில ஒரு கண் ஆஸ்பத்திரியில பார்வை பரிசோதிக்கிற வேலை. அப்படிப்பட்ட வூட்டுல இது நடக்கணும்னு இருந்திருக்கு பாருங்க.

ரெண்டாயிரத்துப் பத்தொம்போது டிசம்பர்ல சூரிய கிரகணம் வந்தப்போ, வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டையே வத்திப்போச்சு. எக்ஸ்ரே பிலிம் வேண்டாம், கூலிங்கிளாஸ் வேண்டாம். கிரகணத்துக்குன்னே தரம் பாத்து செஞ்ச கண்ணாடி மட்டும் போடுங்க. அது இல்லையா, சூரியனுக்கு முதுகு காட்டி நின்னு அரிகரண்டியைப் பிடிங்க, ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு குட்டிப் பிறை தரையில விழும், அதைப் பாருங்கன்னு. வூட்டுல இவருக்கு மட்டும், "மேல பாக்காதீங்க"ன்னு ஒத்தை வார்த்தையில முடிச்சுட்டு டூட்டிக்கு ஓடிட்டேன்.

மனுசன் மேல பாக்கலை. தாம்பாளத்துல மஞ்சத்தண்ணி ஊத்தி, கிரகண நேரத்துல தானா நிக்கும்பாங்களே, அந்த உலக்கையை நடுவுல நிறுத்தி வெச்சு, அது நிக்குதா விழுதான்னு குந்திக்கிட்டுப் பாத்திருக்காரு. தண்ணியில சூரியன் பிறையாத் தெரிஞ்சதும் உலக்கையை மறந்துட்டாரு. கண்ணு கூசலை, வலிக்கலை. கிரகணம் விடுற வரைக்கும் விட்டு விட்டுப் பாத்துக்கிட்டே இருந்திருக்காரு.

சாயங்காலம் பேப்பரை எடுத்தவரு, "தேவி, எந்த வார்த்தையப் பாத்தாலும் நடுவுல ஒரு எழுத்தைக் காணோம்"ன்னாரு. காலையில என்ன செஞ்சீங்கன்னு கேட்டேன். விசயத்தைக் கேட்டதும் கத்தித் தீத்துட்டேன்.

"மேல பாக்கக் கூடாதுன்னுதானே சொன்னே? நான் கீழதானே பாத்தேன்"ன்னு பாவமாக் கேட்டாரு. இந்த ஆளை என்ன செய்யுறது? அழுறதா சிரிக்கிறதான்னு தெரியாம சோத்தைப் போட்டேன்.

மறுநாள் எங்க டாக்டர் சரத் ஸ்கேன் எடுத்துப் பாத்தாரு. ரெண்டு கண்ணுலயும் விழித்திரையோட நட்ட நடுவுல பொடிசா ஒரு சேதம்.

"வலிக்கவே இல்லீங்களே சார்"ன்னாரு இவரு.

"விழித்திரையில வலி தெரியுற நரம்பே கிடையாதுங்க. சுட்டாலும் அது சொல்லாது. சூரியன் முக்கால்வாசி மறைஞ்சதால கண்ணு கூசலை, கண்ணுப் பாப்பாவும் விரிஞ்சுக்கிச்சு. ஆனா மிச்சம் இருக்கிற பிறையில அடிக்கிறது அதே வெயில்தான். தண்ணி அதுல கொஞ்சத்தைத்தான் திருப்பி அனுப்புது. கிரகணக் கண்ணாடி விடுற வெளிச்சத்தோட ஒப்பிட்டா அந்தக் கொஞ்சமே ஆயிரம் மடங்குக்கு மேல. மஞ்சள் அதைத் தடுக்காது."

"மருந்து?"

"இதுக்குன்னு மருந்து இல்லைங்க. நெறைய பேருக்குச் சில மாசத்துல தானாத் தேறும். சிலருக்குக் கொஞ்சம் தங்கிடும். அதுவரைக்கும் பஸ்ஸைத் தொடாதீங்க."

டிப்போவுல உக்காந்து செய்யுற வேலை குடுத்தாங்க. சாயங்காலமானா சித்தேரி வண்டி கிளம்புற சத்தத்துக்கு டீயைக்கூட வெச்சுட்டு எட்டிப் பாப்பாராம். அதைக் கேக்க எனக்குத் தாங்காது. எங்கிட்ட ஒரு வார்த்தை குறைபட்டுக்கலை. நான்தான் அரிகரண்டியைப் பாக்குறப்பெல்லாம் என்னையே திட்டிக்குவேன், ஊருக்கெல்லாம் சொன்னதை இவருக்கும் சொல்லித் தொலைச்சிருக்கலாமேன்னு.

மாசம் சில போச்சு. திரும்பப் பரிசோதனை. சோதிக்கிறது நானேதான். வலது கண்ணுல கடைசி வரி வரைக்கும் கடகடன்னு படிச்சாரு. சந்தோசத்தோட மூடியை வலது கண்ணுக்கு மாத்தினேன். இடது கண்ணு. கடைசி வரிக்கு முந்தின வரியில நின்னுட்டாரு.

"ப, ட, அப்புறம்..."

"சொல்லுங்க."

"தெரியலை தேவி. நேராப் பாத்தா அந்த ஒண்ணு காணாமப் போவுது. பக்கத்துல பாத்தா லேசா நிழலாட்டம் வருது."

"ம-வா, ய-வா? சும்மா ஊகிச்சு ஒண்ணைச் சொல்லுங்க."

நான் சொன்னது எனக்கே கேட்டுச்சு. இத்தனை வருசத்துல எந்த நோயாளிகிட்டயும் அப்படிக் கேட்டதில்லை. எங்க வூட்டு மனுசன் மறுபடி ஸ்டீரிங் பிடிக்கணும்னு எனக்கு அவ்வளவு ஆசை.

அவரு கண்ணை மறைச்சிருந்த மூடியை எடுத்துட்டு என்னைப் பாத்தாரு. கோவமே இல்லை.

"எழுத்துன்னா ஊகிச்சிரலாம் தேவி. வளைவுல அந்த இடத்துல ஒரு புள்ள நின்னா, என்னன்னு ஊகிக்கிறது?"

தெரியலைன்னே எழுதி டாக்டர் மேசையில வெச்சேன். இன்னும் சில மாசம் பாக்கலாம்னாரு டாக்டர்.

அன்னைக்கு வூட்டுக்குப் போறப்போ பஸ்ஸுல ரெண்டு பேரும் ஒரே சீட்டுல உக்காந்தோம். இத்தனை வருசக் கல்யாணத்துல எம்பக்கத்துல அவரு பயணியா உக்காந்தது அன்னைக்குத்தான். ஓட்டுறவரு பிரேக் போடுறப்பெல்லாம் இவரு வலது காலும் தரையை அமுக்குச்சு. நான் அவரு கையை எடுத்து எம்மடியில வெச்சுக்கிட்டேன்.