ஜெபா கேட்ட மூன்று கேள்விகள்

என் தம்பி ராஜாராமுக்கும் எனக்கும் அப்பன் ஒருவன்தான். செய்யூர் போகிற ரோட்டில், ஒரே காலனியில், அவன் வீட்டுச் சுவரும் என் வீட்டுச் சுவரும் ஒட்டித்தான் இருக்கின்றன. சர்டிபிகேட்டில்தான் நாங்கள் வேறு. ஞானம்மாளைக் கட்டும்போது நான் ஞானஸ்நானம் எடுத்து முத்துசாமியிலிருந்து ஏசுதாஸ் ஆனேன். அவன் ஆகவில்லை. அதனால் அவன் மகள் ஸ்ரீதேவியின் சான்றிதழில் இந்து ஆதிதிராவிடர், எஸ்.சி. என்று இருக்கிறது. என் மகள் ஜெபாவின் சான்றிதழில் கிறித்தவ ஆதிதிராவிடர், பி.சி. என்று இருக்கிறது. அரசாங்கத்தின் கணக்கு அது. டீக்கடைக்காரருக்கு அந்த வித்தியாசம் தெரியாது. இரண்டு பேரையும் ஒரே மாதிரிதான் வெளியே நிறுத்தி வைப்பார்.

இரண்டாயிரத்து எட்டில் பெண்கள் இருவரும் பன்னிரண்டாவது தேறினார்கள். இருவருக்கும் நர்சிங் படிக்க ஆசை. தனியார் கல்லூரியில் இடம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அந்தக் கட்டணத்தைச் சவுக்கு வெட்டுகிறவன் கட்ட முடியாது. நானும் தம்பியும் சவுக்குத் தோப்பில்தான் வேலை. வெட்டுவோம், பட்டை உரிப்போம், லாரியில் ஏற்றுவோம். தோப்பு முடிந்தால் அடுத்த தோப்பு.

அந்தச் சமயத்தில்தான் ஜெபா திருக்கழுக்குன்றத்தில் ஸ்டான்லி நடத்தும் பிரவுசிங் சென்டரில் ஓர் அறிவிப்பைப் பார்த்தாள். சென்னையில் இருக்கும் ஓர் அறக்கட்டளை தன் வலைப்பக்கத்தில் போட்டிருந்தது. நர்சிங் சேரும் ஏழை மாணவிகளுக்குப் படிப்பு முடியும்வரை முழுக் கட்டணம். பிரின்ட் எடுத்து வந்து வீட்டில் படித்துக் காட்டினாள். 'ஆதிதிராவிடர் சமூக மாணவிகள் விண்ணப்பிக்கலாம். கடைசி நாள் ஜூன் 30.' அவ்வளவுதான் போட்டிருந்தது.

"ஆதிதிராவிடர்னு தானே போட்டுகீது?" என்றான் ராஜாராம். "நீயும் அதான், தேவியும் அதான். போட்டு அனுப்பிச்சுடு."

"என் சர்டிபிகேட்டுல பி.சி.ன்னு கீது சித்தப்பா. எஸ்.சி. மட்டுமா, நாங்களும் உண்டான்னு இதுல தெளிவா இல்ல. கேட்டுடறேன்."

"கேட்டாதான் அவன் இல்லன்னு சொல்லுவான். கேக்காம அனுப்புனா, எவன் உக்காந்து பி.சி., எஸ்.சி.ன்னு பாக்கப் போறான்?"

"பாப்பாங்க. அதுக்குத்தான் சர்டிபிகேட் கேக்கறாங்க."

"அப்படின்னா வேற வழி கீது." ராஜாராம் என் பக்கம் திரும்பினான். "அண்ணே, கோயில்ல ஒரு பூஜை போட்டு, கெஜட்ல பேர மாத்தினு, இந்துன்னு சர்டிபிகேட் வாங்கிட்டாங்க பல பேரு. இந்த வருஷம் ஆவலன்னாலும் அடுத்த வருஷம் ஆவும். இப்போ வாயத் தொறந்து கேட்டு, நீ கிறிஸ்டியன்னு ஊருக்கே சொல்லிப்புட்டா, அப்பறம் மாத்த முடியுமா?"

நான் ஞானம்மாளைப் பார்த்தேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை நிறுத்தாமல், "பேரு வேணுன்னா மாத்திக்கட்டும். புள்ள படிக்கட்டும்" என்றாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு ஒரு வாரம்கூடத் தவறாதவள் அப்படிச் சொன்னதில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எனக்கும் உள்ளுக்குள் அந்த எண்ணம்தான் ஓடியது. அவள் சொன்னதும் சொல்ல வெட்கமாகிவிட்டது.

"நான் மாத்திக்க மாட்டேன்" என்றாள் ஜெபா. கோபமாகச் சொல்லவில்லை. பஸ் வராது என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

மறுநாள் தோப்பில் லாரி வரவில்லை. அவளோடு நானும் போனேன். ஸ்டான்லி ஒரு மூலைக் கம்ப்யூட்டரைக் காட்டினார். அறிவிப்புக்குக் கீழே ஒரு கட்டம் இருந்தது. கருத்து எழுதலாம் என்று போட்டிருந்தது. ஜெபா இங்கிலீஷ் எழுத்தில் தட்டினால் அது தமிழாக விழுந்தது. எழுதி முடித்துவிட்டு, "படி நைனா" என்றாள். நான் எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். நேரம் எடுத்துக்கொண்டு படித்தேன்.

'வணக்கம். என் பெயர் ஏ. ஜெபா. பன்னிரண்டாம் வகுப்பு தேர்ச்சி பெற்றிருக்கிறேன். எனக்கு மூன்று சந்தேகங்கள். ஒன்று: என் சாதிச் சான்றிதழில் கிறித்தவ ஆதிதிராவிடர், பிற்படுத்தப்பட்டோர் என்று உள்ளது. நான் விண்ணப்பிக்கலாமா? இரண்டு: ஜூன் 30 என்பது தபாலில் சேர்க்கும் நாளா, உங்கள் கைக்கு வந்து சேர வேண்டிய நாளா? மூன்று: வருமானச் சான்றிதழுக்குத் தாலுகா அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறோம். இன்னும் வரவில்லை. மனு கொடுத்த ரசீதை இப்போது வைத்து, சான்றிதழைப் பிறகு அனுப்பலாமா? தெளிவாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.'

ஸ்டான்லி எட்டிப் பார்த்தார். "பேரு போடாத கண்ணு. அனானிமஸ்னு ஒண்ணு கீது பாரு, அத அமுக்கு. கேள்வியும் கேட்ட மாதிரி ஆச்சு, ஆள் யாருன்னும் தெரியாது."

"பேரு போடலன்னா பதில் யாருக்கு சொல்லுவாங்க அண்ணா?"

"அட, படிக்கறவனுக்குச் சொல்லுவாங்க."

அவள் பெயர் போட்டே அனுப்பினாள். நிர்வாகி பார்த்த பிறகு வெளியாகும் என்று ஒரு வரி வந்தது. கட்டம் காலியாகிவிட்டது. எழுதியது எங்கே போனதென்று எனக்குப் புரியவில்லை.

"தொலைஞ்சிடுச்சா?"

"இல்ல நைனா. அவங்க பாத்துட்டுதான் போடுவாங்க."

ஒரு வாரமாகியும் அவள் எழுதியது வரவில்லை. பள்ளிக்கூடத்து வேலையாகத் திருக்கழுக்குன்றம் போகிறபோதெல்லாம் பார்த்துவிட்டு வந்தாள். தோப்பில் ராஜாராம் பட்டை உரித்துக்கொண்டே குத்துவான். "இன்னா அண்ணே, கலெக்டருக்கு எழுதின மாதிரி எழுதிச்சே உம் பொண்ணு, பதில் வந்துச்சா? கேக்காம அனுப்பியிருந்தா இந்நேரம் பணமே வந்திருக்கும்."

"உம் பொண்ணு அனுப்பிடுச்சா?"

"வருமான சர்டிபிகேட் கையில வரட்டும். முப்பதாந்தேதி போஸ்ட் பண்ணிக்கலாம். நாளு கீதே."

அந்த வாரம் நான் ஜெபாவிடம் சரியாகப் பேசவில்லை. கேட்காமல் அனுப்பியிருந்தால் ஒருவேளை கிடைத்திருக்குமோ என்ற நினைப்பு அரித்துக்கொண்டே இருந்தது. ஒருநாள் சோற்றின்முன் உட்கார்ந்து அதைக் கேட்டும்விட்டேன். "கிடைச்சுட்டு, ரெண்டாவது வருஷம் கண்டுபிடிச்சு நிறுத்துனா? அப்போ யாருகிட்ட போய் நிப்பே?" என்றாள். குழம்பு ஊற்றினாள். சாப்பிட்டேன்.

கடைசி வெள்ளிக்கிழமை ஜெபா பிரின்ட் எடுத்து வந்தாள். அவள் எழுதியது வெளியாகியிருந்தது. அதன் கீழே பெயரில்லாத ஒருவர், உங்களுக்கெல்லாம் சர்ச்சே ஸ்கூலும் காலேஜும் நடத்துகிறதே, இங்கே ஏன் வருகிறீர்கள் என்று எழுதியிருந்தார். எங்கள் சர்ச் ஓலைக்கூரையில் இருக்கிறது. அதன் கீழே மதுராந்தகத்திலிருந்து ஒரு பெண், எனக்கும் இதே சந்தேகம், பதிலுக்குக் காத்திருக்கிறேன் என்று எழுதியிருந்தாள். எல்லாவற்றுக்கும் கீழே அறக்கட்டளையின் பதில்.

'ஜெபா, தாமதத்துக்கு மன்னிக்கவும். உங்கள் முதல் கேள்விக்காகக் குழுவைக் கேட்க வேண்டியிருந்தது. கடைசி நாள் என்பது விண்ணப்பம் எங்கள் அலுவலகத்துக்கு வந்து சேர வேண்டிய நாள். தபால் முத்திரைத் தேதி கணக்கில் வராது. நேரில் கொடுப்பவர்கள் திங்கள் மாலை ஐந்து மணிக்குள் கொடுக்கலாம். வருமானச் சான்றிதழுக்கு மனு ரசீது போதும். சான்றிதழை ஜூலை 15-க்குள் சேர்க்கவும். தகுதி குறித்து: நிதி கொடுத்தவர் எழுதி வைத்தபடி, எஸ்.சி. என்று சான்றிதழ் உள்ளவர்களுக்கு மட்டுமே இத்தொகையை வழங்க முடிகிறது. பி.சி. சான்றிதழ் உள்ள கிறித்தவ ஆதிதிராவிட மாணவிகளை இவ்வாண்டு சேர்க்க இயலவில்லை. வருந்துகிறோம்.'

முழுதும் படித்து முடிக்க எனக்கு நேரமாயிற்று. ஞானம்மாள் என் முகத்தைப் பார்த்தே எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அங்கே பாத்திரம் உருட்டும் சத்தம்கூடக் கேட்கவில்லை.

ஜெபா அந்தக் காகிதத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு சித்தப்பன் வீட்டுக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். அழப் போகிறாள் என்று நினைத்தேன்.

"சித்தப்பா, முப்பதாந்தேதி போஸ்ட் பண்ணா செல்லாது. அன்னிக்கு அவங்க கையில இருக்கணும். இன்னிக்கு வெள்ளி. நாளைக்கு ஸ்பீட் போஸ்ட் போட்டாலும் நம்ப முடியாது. திங்கக்கெழம நேர்ல போயிடலாம். வருமானத்துக்கு ரசீது போதுமாம். ரசீது எங்க வச்சிருக்கீங்க?"

ஸ்ரீதேவி கேட்டாள். "உனக்கு இன்னாடி சொன்னாங்க?"

"எனக்கு இல்ல."

"அப்போ நானும் போகல."

"பைத்தியம். பெரிய தியாகி. ரசீத எடு."

திங்கட்கிழமை நாலு பேரும் சென்னைக்குப் பஸ் ஏறினோம். நான் வர வேண்டிய வேலை இல்லை. ஜெபா வந்ததால் வந்தேன். மாடியில் சின்ன அறை, இரண்டு மேசை, ஒரு மின்விசிறி. பார்வதம் என்று ஓர் அம்மா விண்ணப்பம் வாங்கினார். ஒவ்வொரு நகலாகப் புரட்டிப் பார்த்து, சாதிச் சான்றிதழ் வந்ததும் அதில் மட்டும் சற்று நின்று, பென்சிலால் ஒரு டிக் போட்டார். தம்பி சொன்னபடி பார்க்காமல் விடுகிறவர்கள் இல்லை. அவ்வளவு தூரம் வந்து அதைக் கண்ணால் பார்த்ததும், ஜெபா மேல் எனக்கிருந்த மனக்கசப்பு போய்விட்டது.

"துணைக்கு வந்தியாம்மா? உன் பேரு?" என்றார் அந்த அம்மா.

"ஜெபா."

பென்சிலைக் கீழே வைத்தார். "கமென்ட் எழுதினது நீயா?"

"ஆமாம் மேடம்."

"உன் கேள்விய அப்படியே குழுவுக்குப் படிச்சுக் காட்டினேன். ரெண்டு பேர் சேர்க்கலாம்னாங்க. மத்தவங்க, எழுதி வச்சதை மீற முடியாதுன்னுட்டாங்க. அடுத்த வருஷம் மறுபடியும் கேட்போம். ஆனா அதை நம்பி இருந்துடாதே."

"இல்ல மேடம். ஆனா அறிவிப்புல அத எழுதிடுங்க. எஸ்.சி. சர்டிபிகேட் இருக்கறவங்க மட்டும்னு. மதுராந்தகத்துல ஒரு பொண்ணு காத்துனு இருக்கு."

அந்த அம்மா கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி அந்த வரியைத் தட்டினார். எங்களையும் பார்க்கச் சொன்னார். நான் படித்தேன். ஒரு வரிதான். என் மகளை வெளியே நிறுத்துகிற வரி. அதை அவளே எழுதச் சொல்லியிருந்தாள்.

திரும்பும்போது பெண்கள் முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். ஸ்ரீதேவி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கோவளம் தாண்டியதும் ராஜாராம் என் பக்கம் சாய்ந்தான்.

"அண்ணே, தேவிக்குக் கெடைச்சுட்டா..." என்று ஆரம்பித்தான்.

"கெடைக்கட்டும்டா" என்றேன்.

அவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். உப்புக் காற்று உள்ளே அடித்துக்கொண்டிருந்தது.

மாமல்லபுரம் நெருங்கும்போது ஜெபா சீட்டின் மேல் கை வைத்துத் திரும்பினாள். "நைனா, செங்கல்பட்டு கவர்ன்மென்ட் காலேஜுல பாட்டனிக்கு ரெண்டாவது லிஸ்டுல என் பேரு வந்துகீது. புதன்கெழம சேரணும். அங்க கவர்ன்மென்ட் ஸ்காலர்ஷிப்புல மதம் மாறினவங்களுக்கும் உண்டாம். கேட்டுட்டேன். நீ லீவு போட்டுட்டு வர்றியா?"

"எத்தினி மணிக்கு?" என்று கேட்டேன்.

"பத்துக்குள்ள இருக்கணும்."

சரி என்றேன். அவள் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். நர்சிங் என்ற பேச்சு அதன்பிறகு எங்கள் வீட்டில் வரவில்லை. ஸ்ரீதேவி வெள்ளைச் சீருடை போட்டுக்கொண்டு முதல் நாள் கிளம்பியபோது, ஜெபாதான் அவளுக்குப் பின்னல் போட்டுவிட்டாள். போட்டு முடித்ததும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஞானம்மாள் கதவைத் தட்டப் போனாள். நான் வேண்டாம் என்று கையைக் காட்டினேன்.