ஐந்தாம் கட்டத்தில் ஒரு சுவிட்ச்

அரியலூர்ப் பக்கம் ஒரு கல் அரவை ஆலையில் சுவாதி எலக்ட்ரீஷியன் அப்ரெண்டிஸ். முந்தின நாள் நல்ல மழை. காலையில் கல் கொண்டுபோகும் பெல்ட்டின் பச்சை பட்டனை அழுத்தினால் மோட்டார் ஓடியது. விரலை எடுத்த பிறகும் ஓட வேண்டியது, எடுத்தால் நின்றது. சூப்பர்வைசர் செல்லமுத்து, மோட்டாருக்குக் கரண்ட்டு விடும் காண்டாக்டர் சுவிட்சையே மாற்றிப் பார்த்துவிட்டார். வெளியே லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"பச்சை பட்டனுக்குக் குறுக்க ஒரு ஒயரைப் போட்டுரும்மா, அழுத்தாமலே ஓடட்டும். சாயந்திரம் பாத்துக்கலாம்" என்றார், பாவம், முகமெல்லாம் வேர்வையோடு.

சுவாதிக்கு மனசு ஒப்பவில்லை. பேனல் கதவில் செருகியிருந்த பழுப்பேறிய ஒயரிங் ட்ராயிங்கை எடுத்தாள். ஒன்றும் பிடிபடவில்லை. அங்கே எலக்ட்ரீஷியனாக வேலை பார்த்து ஓய்வுபெற்ற கொளஞ்சியப்பனுக்குப் போன் போட்டு, ஒயர் யோசனை வரை எல்லாம் சொன்னாள். கண் ஆபரேஷன் முடிந்து பெரம்பலூர் வீட்டில் இருந்தார்.

"கண்ணைக் கட்டிவச்சிருக்காங்க. நீ வாசி, நான் கேக்கறேன். மேல் கோடு கரண்ட்டு, கீழ் கோடு நியூட்ரல். மேலேர்ந்து இறங்கிட்டே வா."

"பியூஸ், ஓவர்லோடு, சிவப்பு பட்டன், பச்சை பட்டன், அப்புறம் K1னு காண்டாக்டரோட காயில்."

"அழுத்தினா ஓடுதுல்ல? அப்ப அந்த வழி முழுக்க நல்லாருக்கு. விரலை எடுத்தப்புறம் கரண்ட்டு எது வழியா வரணும்?"

சுவாதி தேடினாள். "காயிலுக்குக் கீழ 13-14னு போட்டு, பக்கத்துல 5னு இருக்கு சார்."

"காயில் இழுத்ததும் மூடிக் கரண்ட்டை விடுற காண்டாக்ட் அது. அஞ்சாவது கட்டத்துல வரைஞ்சிருக்கும். மேல் ஓரத்துல நம்பர் பாரு."

அங்கே பச்சை பட்டனுக்கு இணையாக அந்தக் காண்டாக்ட் இருந்தது. "இதுக்கப்புறம் வரிசையா இன்னொன்னு இருக்கு சார். S5. வேக சுவிட்ச், வால் டிரம்னு எழுதியிருக்கு."

"அட, மறந்தே போச்சு! பெல்ட் நகர்ந்து, கடைசியில இருக்கற உருளை, அந்த வால் டிரம், சுத்தினாத்தான் அது மூடும். ரெண்டும் மூடினாத்தான் மோட்டார் நிக்காம ஓடும்."

மெயினை அணைத்துப் பூட்டு போட்டாள். காண்டாக்டரைக் கையால் அழுத்திக்கொண்டு 13-14இல் மீட்டரை வைத்தாள். பீப் அடித்தது; அந்தக் காண்டாக்ட் ஒழுங்காக மூடுகிறது. அப்படியென்றால் மிச்சம் S5தான். மெயினைத் திரும்பப் போட்டுவிட்டு, பெல்ட்டின் வால் பக்கம் போய்த் தடுப்புக்கு வெளியே நின்றாள்.

"இப்ப அழுத்துங்க சார்!"

செல்லமுத்து அழுத்தினார். மோட்டார் உறுமியது, பெல்ட் துடித்தது, வால் டிரம் அசையவேயில்லை. மழையில் நனைந்த கல்தூள் டிரம்முக்கும் சட்டத்துக்கும் நடுவே சிமெண்ட் மாதிரி இறுகியிருந்தது.

"சுவிட்ச் கெட்டுப்போவல சார், டிரம்மே மாட்டிக்கிச்சு!" என்று போனில் கத்தினாள்.

"ஒயரைப் போட்டிருந்தா பெல்ட், மோட்டார் சுத்துற தலை டிரம்முல தேஞ்சே கருகியிருக்கும்" என்றார் கொளஞ்சியப்பன். "நல்லா வாசிச்ச."

மெயினை மறுபடி அணைத்துப் பூட்டிவிட்டு, இறுகிய தூளை மூன்று பேர் கடப்பாரையால் சுரண்டினார்கள். இந்தத் தடவை பட்டனைச் சுவாதியே அழுத்தினாள். பெல்ட் வேகம் பிடித்ததும் பயந்துகொண்டே விரலை எடுத்தாள். மோட்டார் நிற்கவில்லை.

"ஒயரைப் போடச் சொன்னேனே" என்று செல்லமுத்து தலையைச் சொறிந்தார். "அந்த ட்ராயிங்கை எனக்கும் ஒருதரம் சொல்லிக்குடும்மா."