அணைந்த விளக்குகள்

கொடிகாமத்தில் கலியாண வீடியோ எடுக்கும் கஜந்தினி, மழையோடு கரண்ட் போனதும் கணினி மேசைக்கு ஓடினாள். வீடியோக்களைச் சேமிக்கும் நாஸ் பெட்டி போன மாரியில் இப்படித் திடீரென நின்றுதான் ஒரு கலியாணமே அழிந்துபோனது. இப்போது அதற்குள் ஏரம்பு ஐயாவின் மகளுடைய கலியாணம் இருந்தது. கலியாணம் முடிந்த அடுத்த கிழமையே ஐயா செத்துப்போனார். வேறு பிரதி இல்லை.

கரண்ட் போனாலும் பற்றரியால் கொஞ்ச நேரம் நாஸை ஓடவைக்க அவர்கள் வாங்கிய புது யூபிஎஸ் 'பீப் பீப்' என்று கத்திக்கொண்டிருக்க, நாஸின் விளக்குகள் அணைந்தன.

"ஐயோ, போச்சு!"

"இல்லையப்பா," என்றான் கணவன் வாகீசன். "யூபிஎஸ் இன்னும் கத்துது, கேள். அப்ப அதிலை இன்னும் கரண்ட் இருக்கு. பற்றரி இறங்குதெண்டு அது கேபிளாலை சொல்ல, நாஸ் எல்லாத்தையும் எழுதி முடிச்சுத் தானா நிண்டிட்டுது."

அவள் நம்பவில்லை. கரண்ட் வந்ததும் நாஸைத் திரும்பப் போட்டுப் பார்க்க, ஏரம்பு ஐயா மகளுக்குத் திருநீறு பூசுவது திரையில் ஓடியது. அப்போதும் விடாமல் இன்னொரு டிஸ்க்கில் அதற்குப் பிரதி எடுத்தாள்.