செல்வலட்சுமி எழுதிய இரண்டு பக்கம்

பாலக்காட்டு எல்லையில், வேலந்தாவளம் சந்தை முக்கில் இருக்கிறது மோகனசுந்தரத்தின் டிடிபி கடை. கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, மாட்டுச் சந்தை நோட்டீஸ், வெளிநாட்டு ரெஸ்யூமே எல்லாம் அங்கே ஒரே கம்ப்யூட்டரில்தான் பிறக்கும். ரெஸ்யூமேவுக்கு அவரிடம் மாதிரி ஒன்று உண்டு. ஆளுக்குத் தக்கபடி பெயரையும் போட்டோவையும் மாற்றிக் கொடுத்துவிடுவார். மதம், ஜாதி, நிறம் வரைக்கும் அதில் இருக்கும். ஜாதகக் கட்டம் ஒன்றுதான் பாக்கி.

அந்த மாதிரிப்படி, வடகரப்பதி செல்வலட்சுமி மூன்று வருஷம் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் ஐசியூவில் வேலை பார்த்தவள். நிஜத்தில் அவள் ஐசியூ வாசலைக்கூட மிதித்ததில்லை. பாலக்காட்டில் ஆறு மாதம் நோயாளிப் பராமரிப்புப் படிப்பு முடித்து, நாலு வருஷமாக ஏஜென்சி மூலம் வீடுகளில் தங்கி முதியவர்களைப் பார்த்துக்கொண்டவள்.

பொய்யை மோகனசுந்தரம் தலையில் மட்டும் கட்ட முடியாது. அந்தப் பக்கம் வீட்டு நர்ஸாகப் போகிற பெண்கள் ஊரில் சொல்வது ஒன்றுதான்: "ஆஸ்பத்திரியில வேலைங்க." முன்பின் தெரியாதவர்களைக் குளிப்பாட்டுகிறோம், பீத்துணி மாற்றுகிறோம் என்று சொன்னால் மூக்கைச் சுளிக்கிற ஊர். செல்வலட்சுமியும் பஸ் ஸ்டாப்பில் அதையே சொல்லிச் சொல்லிப் பழகி, கடைசியில் ரெஸ்யூமேயிலும் சொல்லிவிட்டாள்.

திங்கட்கிழமை கொச்சியிலிருந்து போன் வந்தது. ஐரோப்பாவில் இருக்கும் மால்டா நாட்டுக்கு ஆள் எடுக்கும் நிறுவனத்தில் வேலை பார்க்கும் ஜிஸ்மி பேசினாள்.

"சேச்சி, இந்த ஐசியூ எந்த ஆஸ்பத்திரி? எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் உண்டோ?"

செல்வலட்சுமி உள்ளதைச் சொன்னாள்.

ஜிஸ்மி விஷயத்தை விளக்கினாள். "மால்டாவுல ஒரு குடும்பம். அப்பாவுக்கு ஸ்ட்ரோக். அவங்களுக்கு வீட்டுல இருந்து பார்த்த ஆள்தான் வேணும். ஐசியூனு பார்த்தா இது நமக்கு சரிவராதுனு தள்ளிடுவாங்க. இல்லாட்டி நாங்க ஆஸ்பத்திரிக்கு மெயில் போட்டு விசாரிப்போம். பொய்னு தெரிஞ்சா அப்புறம் எங்ககிட்ட உங்க பேரே இருக்காது. வியாழக்கிழமைக்குள்ள நிஜமானதை அனுப்புங்க, சேச்சி."

போனை வைத்ததும் அவளுக்கு அவமானமாக இருந்தது. அதைவிட ஆத்திரம் அதிகமாக இருந்தது, தன் மேலேயே. நாலு வருஷ உழைப்பைத் தானே அழித்துவிட்டு, இல்லாத ஒன்றை எழுதி வைத்திருக்கிறாளே!

பீரோவுக்கு அடியிலிருந்து மூன்று நீள நோட்டுகளை எடுத்தாள். எத்தனை மணிக்குத் திருப்பிப் படுக்க வைத்தாள், எவ்வளவு தண்ணீர் உள்ளே போனது, எவ்வளவு சிறுநீர் வந்தது, பிரஷர், சர்க்கரை என்று தினமும் எழுதியவை. அவற்றைப் பார்த்துக் கையாலேயே இரண்டு பக்கம் எழுதினாள். நோயாளிகளின் பெயர் வெளியே போகக் கூடாது என்று படிப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதனால் வயதும் நோயும் மட்டும்.

முதல் வீடு: எண்பத்து நாலு வயதுப் பாட்டி, மறதி நோய். சாயங்காலமானால் தன் வீட்டுக்குப் போக வேண்டும் என்று கதவைத் திறப்பார். தடுக்காமல் கூடவே நாலடி நடந்து, பேச்சை மாற்றித் திரும்பக் கூட்டி வருவாள். இரண்டாவது: படுத்த படுக்கை. ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போதே முதுகில் புண். இரண்டு மணிக்கொரு தரம் திருப்பினாள். மருந்து வைத்துக் கட்டியது, படுக்கை நோயாளிகளை வீடு தேடி வந்து பார்க்கும் பஞ்சாயத்து பாலியேட்டிவ் நர்ஸ். பதினோரு வாரத்தில் ஆறியது, புதிதாக ஒன்றும் வரவில்லை. சிறுநீர்ப் பை காலி செய்து அளவு எழுதினாள். குழாய் செருகியது நர்ஸ்தான், அதையும் எழுதினாள்.

மூன்றாவது கஞ்சிக்கோட்டில். எழுபத்தொரு வயது, எண்பத்திரண்டு கிலோ, ஸ்ட்ரோக், வலது கை, கால் வரவில்லை. பேச்சு 'ஆமா', 'வேண்டாம்' என்ற இரண்டு சொல்லோடு நின்றிருந்தது. இடுப்புப் பெல்ட் போட்டு ஒருத்தியாகவே கட்டிலிலிருந்து வீல்சேருக்கு மாற்றினாள். பேச்சுப் பயிற்சி ஆசிரியை சொல்லிக்கொடுத்ததைத் தினம் இரண்டு வேளை செய்ய வைத்தாள்.

அந்த இடத்தில் பேனா நின்றது. பிறகு இன்னொரு வரியும் எழுதினாள்: 'ஒருமுறை குளியலறையில் விழுந்தார். நான் கதவுக்கு வெளியே இருந்தேன். காயமில்லை. பத்து நிமிஷத்தில் மகனுக்கும் டாக்டருக்கும் தெரிவித்தேன்.'

அதை ஆங்கிலமாக்கி டைப் செய்ய உட்கார்ந்த மோகனசுந்தரம் அந்த வரியில் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஏனம்மிணி, இதெல்லாம் யாராச்சும் எழுதுவாங்களா? உன்ற வாயாலயே உன்னைய மாட்டி உடறியே?"

"விழுந்தது நெசந்தானுங்கண்ணா. நோட்டுல இருக்குதுங்க."

"ஐசியூவையும் எடுத்துப் போட்டே. ஜாதியையும் எடுக்கச் சொல்ற. அப்புறம் எதைப் பார்த்து வேலை குடுப்பான்?"

"எம்பட வேலையப் பார்த்துங்க. நீங்க அடிங்கண்ணா."

முணுமுணுத்துக்கொண்டே அடித்தார். விசாரிப்பதற்கு ஒரு நம்பர் வேண்டும் என்று ஜிஸ்மி சொல்லியிருந்தாள். கஞ்சிக்கோட்டு மகனிடம் கேட்டு, அவர் சம்மதித்த பிறகே அந்த வீட்டு நம்பரைப் போட்டு, புதன்கிழமையே அனுப்பிவிட்டாள். அவள் அங்கிருந்து வந்து எட்டு மாதம் ஆகிறது. கிளம்பும்போதும் சாருக்கு ஒரு முழு வாக்கியம் வந்திருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் வீடியோ இன்டர்வியூ. வீட்டில் சிக்னல் கிடைக்காது. மோகனசுந்தரத்தின் கடையிலேயே, ஜெராக்ஸ் மெஷினை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தாள். வெளியே இரண்டு பெண்கள் ஆதார் பிரிண்ட் எடுக்கக் காத்திருந்தார்கள். ஒருத்தி அவள் தெருக்காரி.

திரையின் ஒரு கட்டத்தில் ஜிஸ்மி. இன்னொன்றில் கண்ணாடி போட்ட ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, பெயர் கரீன். ஆங்கிலத்தில் நிறுத்தி நிறுத்திக் கேட்டார்.

"என் அப்பாவுக்குத் தண்ணீர் குடித்தால் புரையேறும். என்ன செய்வீர்கள்?"

"டாக்டர் சொன்ன அளவுக்குப் பவுடர் கலந்து கெட்டியாக்குவேன். நிமிர்த்தி உட்கார வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பேன். உடனே படுக்க விட மாட்டேன்."

"இந்த விழுந்த விஷயம். ஏன் எழுதினீர்கள்?"

செல்வலட்சுமி தன்னால் முடிந்த ஆங்கிலத்தில், உரக்கவே சொன்னாள். "நடந்தது, அதனால் எழுதினேன். நான் வீடுகளில் வேலை செய்கிறவள். துடைப்பேன், குளிப்பாட்டுவேன், தூக்கி உட்கார வைப்பேன். விழுந்தால் மறைக்க மாட்டேன்."

கரீன் கண்ணாடியைக் கழற்றினார்.

"நீங்கள் கொடுத்த நம்பருக்கு நேற்று நான் பேசினேன். மகன் எடுப்பார் என்று நினைத்தேன். எடுத்தது உங்கள் நோயாளி."

"சாரா? சார் போன்ல பேசினாரா?" ஆங்கிலம் போய்த் தமிழ் வந்துவிட்டது. ஜிஸ்மி சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தாள்.

"ஆங்கிலத்தில், மெதுவாகத்தான் பேசினார். ஆனால் முழுசாகப் பேசினார். விழுந்ததைப் பற்றிக் கேட்டேன். 'வெளியே போ என்று கையைக் காட்டித் துரத்தியது நான். விழுந்ததும் நான். அதை அந்தப் பெண் தன் கணக்கில் எழுதிக்கொண்டாளா?' என்று கேட்டுவிட்டு அழுதார். நானும் அழுதேன். எங்களுக்கு நீங்கள்தான் வேண்டும்."

செல்வலட்சுமிக்கு அடக்க முடியவில்லை. சந்தோஷத்தில் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. வேலை கிடைத்ததற்கா, சார் முழுசாகப் பேசியதற்கா என்று கேட்டால் அவளால் பிரித்துச் சொல்ல முடியாது. வேலை ஒப்பந்தத்தை அடுத்த வாரம் அனுப்புவதாகவும், போலீஸ் சான்றிதழுக்கும் மெடிக்கலுக்கும் தயாராகச் சொல்லியும் ஜிஸ்மி இணைப்பைத் துண்டித்தாள்.

வெளியே வந்ததும் தெருக்காரி பிடித்துக்கொண்டாள். "ஏனுங்கக்கா, வெளிநாட்டுக்கா? அங்கேயும் ஆஸ்பத்திரிங்களா?"

"இல்ல கண்ணு. ஒரு ஊட்டுல. பெரியவரு ஒருத்தரைக் குளிப்பாட்டி, சோறூட்டி, நடக்க வைக்கோணும். இங்கேயும் அதே வேலைதான் பார்த்தேன், நாலு வருஷமா."

தெருக்காரி மூக்கைச் சுளிக்கவில்லை. இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்துவிட்டு, கையிலிருந்த பையைத் திறந்தாள். உள்ளே ஒரு நீள நோட்டு இருந்தது.

"நானும் அதே வேலைதானுங்கக்கா," என்றாள். "எனக்கும் எழுதச் சொல்லித் தருவீங்களா?"

மோகனசுந்தரம் கம்ப்யூட்டரில் தன் பழைய மாதிரியை ஒருமுறை பார்த்தார். பிறகு அதை அழித்துவிட்டு, இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.